சுவரில் நாள்காட்டி, மேசையில் நோட்டு: மாத்திரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஓர் அன்றாடக் கணக்கு

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு வயது 68. காலையில் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும், காலை உணவோடும் இரவு உணவோடும் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரை ஒவ்வொன்றும் அவர் உட்கொள்ள வேண்டும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நான், அவருடைய கைப்பேசியில் ஒரு செயலியைப் பதிந்து கொடுத்திருந்தேன். அது நாளுக்கு இரண்டு முறை ஒலி எழுப்பி, மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்கும். அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினால் என் கைப்பேசியிலும் பச்சை தெரியும். ஏழு மாதங்கள் அது பச்சையாகவே இருந்தது. பிறகு ஒரு விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, அலமாரியில் மெட்ஃபார்மின் அட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அம்மா என்னை ஏமாற்றவில்லை. ஒலி கேட்டதும் அதை நிறுத்துவதற்காகப் பொத்தானை அழுத்திவிட்டு, கைவேலையை முடித்துவிட்டு மாத்திரையைப் போடலாம் என்று நினைத்திருக்கிறார். நினைத்தது பல நாள்களில் மறந்துபோயிருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட முறைதான் இந்தக் கட்டுரையின் பொருள். ஒரு மாத நாள்காட்டி, ஒரு நோட்டு, ஒரு பேனா ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, நாள்தோறும் மருந்து உட்கொண்டதை எப்படிப் பதிவது, அந்தப் பதிவு உண்மைதானா என்பதை எப்படிச் சரிபார்ப்பது, மருத்துவரிடம் அதை எப்படிக் கொண்டுபோவது என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நாள்காட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நம் வீடுகளில் பலர் நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் தமிழ் நாள்காட்டியைத்தான் வைத்திருப்போம். இராகு காலமும் நட்சத்திரமும் பார்க்க அது வேண்டும். ஆனால் இந்த வேலைக்கு அது உதவாது. நேற்று மாத்திரை விட்டுப்போனதற்கான சான்று நேற்றைய தாளோடு குப்பைக்கூடைக்குப் போய்விடும். நமக்கு வேண்டியது, மாதம் முழுவதும் ஒரே தாளில் கட்டங்களாகத் தெரியும் நாள்காட்டி. குதிரைப் பந்தய நாள்களில் சிறு குதிரைப் படம் போட்டிருக்கும் சீனர் கடை நாள்காட்டி, நம்மிடையே குதிரை நாள்காட்டி என்றே பெயர் பெற்றது, இதற்கு மிகவும் பொருத்தமானது. அதன் எண்கள் பெரியவை. கண் மங்கியவர்களும் எட்ட நின்று படிக்கலாம்.

கட்டமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கட்டங்களாக அச்சிட்ட நாள்காட்டியில் ஒரே கிழமை எப்போதும் ஒரே வரிசையில் விழும். சில நாள்காட்டிகளில் அந்த வரிசை நெடுக்காக இருக்கும், சிலவற்றில் குறுக்காக இருக்கும். எப்படி இருந்தாலும் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஒரு கோட்டில் நிற்கும். மருந்து விட்டுப்போவது பெரும்பாலும் ஏதோ ஒரு வழக்கத்தோடு சேர்ந்துதான் நடக்கிறது. கோயில், சந்தை, பேரப்பிள்ளைகள் வரும் நாள் என்று அந்த வழக்கங்கள் கிழமையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஆகவே விடுபட்ட கட்டங்கள் ஒரே கோட்டில் அமைந்துவிட்டால், காரணத்தைத் தேடும் வேலை பாதி முடிந்துவிடும். நான் பயன்படுத்திய செயலியில் நாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலாகத்தான் வந்தன. அதில் இந்தக் கோடு கண்ணுக்குப் படவே இல்லை.

நாள்காட்டியை மாத்திரையும் தண்ணீர்க் குவளையும் இருக்கும் இடத்துக்கு நேரே, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேசையை ஒட்டிய சுவர். அடுப்புக்கு அருகில் மாட்ட வேண்டாம். நாள்காட்டி அங்கே இருந்தால் மாத்திரைகளும் அங்கேயே போய்ச் சேரும், அவை வெப்பத்தில் கெடும். நாள்காட்டியின் ஆணியிலேயே ஒரு நூலைக் கட்டி அதன் முனையில் பந்துமுனைப் பேனாவைத் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், வழவழப்பான நாள்காட்டித் தாளில், ஜெல் பேனாவின் மை காய்வதற்குள் கைபட்டு இழுபடுகிறது. படிக்கும் கண்ணாடி தேவைப்படுகிறவர் என்றால் பழைய கண்ணாடி ஒன்றையும் அங்கேயே வைத்துவிடுங்கள். பேனா தேடப் போனவர் திரும்பி வருவதற்குள் குறிக்க வேண்டியதை மறந்துவிடுவார்.

குறி போடும் முறை

காலை மருந்து தொண்டையைத் தாண்டியதும் அன்றைய கட்டத்தில் ஒரு சாய்வுக்கோடு போட வேண்டும். இரவு மருந்துக்குப் பின் அதே கட்டத்தில் எதிர்ச்சாய்வாக இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. அது முழுமையான நாள்; ஒரு கோடு மட்டும் நின்றால் அரைநாள்; கட்டம் வெறுமையாக இருந்தால் இரண்டுமே இல்லை. வேறு நிறமோ ஒட்டுப்படமோ வேண்டாம். கோட்டின் சாய்வைப் பார்த்தே காலையா இரவா என்று தெரிந்துவிடும் என்பதால் இதற்குமேல் எதுவும் எழுதத் தேவை இல்லை.

இதில் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. முதலில் மாத்திரை, பிறகு கோடு. கோட்டைப் போட்டுவிட்டு மாத்திரையை எடுக்கப் போவது பொத்தானை அழுத்துவதற்குச் சமம். அதேபோல், நேற்று விட்டுப்போன கோட்டை இன்று நிரப்பக் கூடாது. போட்டேனா இல்லையா என்று ஐயமாக இருந்தால், அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். கேள்விக்குறி இருப்பதைக் குற்றமாகப் பிள்ளைகள் பேசத் தொடங்கினால், அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் கட்டங்களும் அழகாக நிரம்பியிருக்கும். அவற்றில் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தத் தவறைச் செய்தவன் நான்தான். முதல் வாரத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தைப் பார்த்து, "என்னம்மா, இதுகூட ஞாபகம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விட்டுப்போன மாத்திரையை ஈடுகட்ட, அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. குறிப்பிட்ட மருந்தை எத்தனை மணி நேரம் வரை தாமதமாக உட்கொள்ளலாம் என்பதை மருந்து கொடுக்கும் முகப்பில் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டை அமைத்தல்

நாள்காட்டி என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லும். ஏன் நடந்தது என்பதற்குத்தான் நோட்டு. பள்ளிப் பிள்ளைகளின் 80 பக்க நோட்டு ஒன்று போதும். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகம் சட்டைப்பையில் அடங்கும் என்பதால் வெளியூர்ப் பயணத்துக்கு ஏற்றது. வீட்டில் வைத்து எழுத அது மிகவும் சிறியது. நோட்டைப் பிரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள் ஒரு வாரத்துக்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு நோட்டு ஏறத்தாழ ஒன்பது மாதம் வரும்.

இடப்பக்கத்தில் ஏழு நாள்கள், நாளுக்கு மூன்று வரிகள். எத்தனை மணிக்கு இரவு உணவு, வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது, உடம்புக்கு எப்படி இருந்தது என்ற மூன்றும் போதும். நாளுக்கொரு பக்கம் என்று தொடங்கியவர்கள் இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுவதை நான் கண்டிருக்கிறேன். வெற்றுத் தாள் நிறைய இருந்தால் எழுதியது போதவில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வலப்பக்கத்தில் மேல்பாதி மாத்திரை எண்ணிக்கைக்கு, கீழ்ப்பாதி மருத்துவரிடம் கேட்க வேண்டியவைக்கு.

அம்மா தமிழில் எழுதுகிறார். மருத்துவர் மலாயில் படிப்பார். அதனால் தேதியையும் அளவுகளையும் எல்லோரும் படிக்கக்கூடிய எண்களில் எழுதச் சொன்னேன். வலப்பக்கக் கேள்விகளை மட்டும், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள், பக்கத்தில் இருக்கும் என் தங்கை மகள் மலாயில் பெயர்த்து அருகிலேயே எழுதிவிடுவாள். முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை உறையில் உள்ளபடியே எழுதுங்கள். உறையில் செலெபாஸ் மாக்கான் என்று இருந்தால் உணவுக்குப் பின் என்றும், செபெலும் மாக்கான் என்று இருந்தால் உணவுக்கு முன் என்றும் தமிழில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் வெப்ப அச்சில் தரும் சிறு சீட்டுகளை ஒட்டி வைத்தால் மட்டும் போதாது, அவற்றின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். அதில் உள்ள எண்களைக் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை

காகிதப் பதிவின் பெரிய குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாள்பட்ட வலி உள்ள 80 பேரில் ஒரு பகுதியினரிடம் காகிதக் குறிப்பேடு கொடுத்து, நாளுக்கு மூன்று முறை வலியின் அளவைக் குறிக்கச் சொன்னார்கள். அந்தக் குறிப்பேட்டின் உறைக்குள் வெளிச்சத்தை உணரும் சிறு கருவி ஒளித்து வைக்கப்பட்டிருந்ததால், ஏடு உண்மையில் எப்போது திறக்கப்பட்டது என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. பங்கேற்றவர்கள் தாங்கள் எழுதியபடி பார்த்தால் 90 விழுக்காடு ஒழுங்காகப் பதிந்திருந்தார்கள். கருவி காட்டியதோ 11 விழுக்காடு. மற்றவை உரிய நேரத்தில் பதியப்படாதவை. மின்னணுக் கருவியில் பதிந்த இன்னொரு பகுதியினர் 94 விழுக்காடு நேரத்துக்குப் பதிந்திருந்தார்கள்.

அப்படியானால் காகிதத்தை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கலாம். அந்த ஆய்வில் பதியச் சொன்னது வலியை. அதைத் தனியாகச் சரிபார்க்க வேறு வழி இல்லை. மாத்திரைக்கு அந்த வழி இருக்கிறது, ஏனென்றால் மாத்திரையை எண்ணலாம். கருவியில் நேரத்துக்குப் பொத்தானை அழுத்தியது, அழுத்தியதற்குத்தான் சான்று. விழுங்கியதற்குச் சான்று அட்டையில் மீதம் இருக்கும் எண்ணிக்கை ஒன்றே. எனவே இந்த முறையின் முதுகெலும்பு ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கைதான். நாள்காட்டியும் நோட்டும் இருந்து எண்ணிக்கை இல்லை என்றால், எழுத்து அழகாக இருக்கும், நம்பகம் இருக்காது.

செய்முறை எளிது. புது மருந்து வாங்கிய நாளில், நாள்காட்டிக் கட்டத்தின் மூலையில் கூட்டல் குறியோடு எத்தனை மாத்திரை என்று எழுதுங்கள். ஒவ்வொரு ஞாயிறு இரவும், கடைசி மாத்திரைக்குப் பிறகு, மீதத்தை எண்ணி நோட்டின் வலப்பக்கத்தில் எழுதுங்கள். இருக்க வேண்டிய மீதத்தை அதன் அருகில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த வாரத்துக் கோடுகளை நம்பலாம். கூடுதலாக மீதம் இருந்தால், எத்தனை கூடுதலோ அத்தனை வேளை விட்டுப்போயிருக்கிறது. குறைவாக இருந்தால் இரண்டு முறை விழுங்கியிருக்கிறார் என்று பொருள், அல்லது மாத்திரை கீழே விழுந்திருக்க வேண்டும். முந்தையதாக இருக்கக்கூடும் என்பதால் அதை அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாமல் உடனே மருந்தாளரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு மாதத்தின் கணக்கு

எங்கள் முதல் மாதம் 2025 செப்டம்பர். செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமை, அம்மாவுக்கு ஒரு மாத மருந்து கிடைத்தது: அம்லோடிபின் 30, மெட்ஃபார்மின் 60. பழைய அட்டைகளை எல்லாம் நான் எடுத்துச் சென்று மருந்து முகப்பில் திருப்பிக் கொடுத்திருந்தேன். அவை கலந்திருந்தால் எந்த எண்ணிக்கையும் பயன்படாது. 3-ஆம் தேதி காலையில் புது அட்டையைப் பிரித்தார். அப்போது வாராந்தர எண்ணிக்கை வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதக் கடைசியில் ஒருமுறை எண்ணினால் போதும் என்று நினைத்தேன்.

28-ஆம் தேதி ஞாயிறு இரவு எண்ணினோம். 3 முதல் 28 வரை 26 நாள்கள். அம்லோடிபின் 4 மீதம் இருக்க வேண்டும், 4 இருந்தது. மெட்ஃபார்மின் 52 தீர்ந்து 8 மீதம் இருக்க வேண்டும்; 12 இருந்தது. நான்கு வேளைகள் விட்டுப்போயிருக்கின்றன. நாள்காட்டியைப் பார்த்தால், இரவுக் கோடு இல்லாத கட்டங்கள் மூன்றுதான்: 5, 19, 26. மூன்றும் வெள்ளிக்கிழமை, ஒரே கோட்டில். நடுவில் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மட்டும் பெருக்கல் குறியோடு நிறைந்திருந்தது.

நோட்டில் 12-ஆம் தேதியைப் பிரித்தோம். "இரவு 10.15-க்கு வந்தேன். பிரசாதம் சாப்பிட்டது வயிறு நிறைந்துவிட்டது. அசதி. படுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அம்மாவுக்கு நினைவு வந்தது. மறுநாள் காலையில் அந்தக் கோட்டை அவர்தான் போட்டிருக்கிறார். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் நான் கேட்பேன் என்பதற்காக. முதல் வாரத்தில் நான் பேசிய பேச்சின் விளைவு அது.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஜார்ஜ் டவுன் குயின் ஸ்த்ரீட்டில் உள்ள மகாமாரியம்மன் கோயிலுக்குப் போவார். வழிபாடு முடிந்து அங்கேயே பிரசாதம் உண்டுவிடுவார். வீட்டில் இரவு உணவு கிடையாது. உணவோடு சாப்பிட வேண்டிய மாத்திரை, உணவே இல்லாததால் நினைவுக்கு வரவில்லை. இதை மருந்தாளரிடம் அப்படியே சொன்னோம். வெள்ளிக்கிழமைகளில் புறப்படுவதற்கு முன் சிறிது உணவு உண்டு அதோடு இரவு மாத்திரையைச் சாப்பிடலாம் என்று அவர் சொன்னார். நாள்காட்டியில் அக்டோபர் மாத வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் எல்லாம் "6" என்று சிறிதாக எழுதி வைத்தோம். ஞாயிறுதோறும் எண்ணவும் தொடங்கினோம். அக்டோபரில் ஒரு வேளை மட்டும் விட்டுப்போனது; தீபாவளிக்கு உறவினர்கள் வந்திருந்த நாள் அது. அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது, யாரும் அதை நிரப்பவில்லை.

வாரந்தோறும் எண்ணியிருந்தால் 12-ஆம் தேதிப் பிழை 14-ஆம் தேதியே தெரிந்திருக்கும். மாதக் கடைசியில் எண்ணும்போது தேட வேண்டியது 26 நாள்கள். வாரந்தோறும் எண்ணினால் ஏழே நாள்கள். நோட்டில் எழுதியது நினைவோடு ஒட்டியிருப்பதும் அந்த ஏழு நாள்களுக்குள்தான்.

எண்ணாமலேயே பொய்க்கோட்டைக் கண்டுபிடிக்க உதவும் சில அடையாளங்களும் உண்டு. நாள்தோறும் போட்ட கோடுகள் ஒரே மாதிரி இருக்காது. அழுத்தம் மாறும், சாய்வு மாறும், சில நாள் கட்டத்துக்கு வெளியே போகும். ஐந்தாறு கட்டங்களில் கோடுகள் ஒரே அழுத்தத்தோடும் ஒரே சாய்வோடும் இருந்தால், அவை ஒரே நேரத்தில் போடப்பட்டவையாக இருக்கலாம். நோட்டில் நான்கு நாள்களுக்கு "நலம்" என்ற ஒரே சொல் இருந்தாலும் அப்படித்தான். இவற்றைக் கண்டால் கடிந்துகொள்ளாமல், அந்த நாள்களின் மேல் கேள்விக்குறி ஒன்றைச் சேர்ந்து போட்டுவிடுங்கள்.

கிளினிக்குக்கு முந்தைய ஒரு வாரம்

இரத்த அழுத்தத்தை ஆண்டு முழுவதும் அளக்கத் தேவை இல்லை. அளந்தால் ஒவ்வோர் எண்ணுக்கும் பயந்துகொண்டிருப்போம். மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முந்தைய ஏழு நாள்கள் அளந்தால் போதும் என்பது பரவலாகச் சொல்லப்படும் முறை. காலையில் சிறுநீர் கழித்த பின், மருந்துக்கும் பசியாறலுக்கும் முன், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இரவில் படுக்கப் போகுமுன் அதேபோல் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காப்பி கூடாது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டையைச் சட்டைக்கை மேல் சுற்றக் கூடாது; மேல்கையின் தோல் மேல், நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும்.

நான்கு எண்களையும் நோட்டில் எழுதுங்கள். கூடுதலாக வந்ததை விட்டுவிட்டு, மூன்றாம் முறை அளந்து நல்லதை எழுதுவது பலர் செய்யும் தவறு. கருவி காட்டியதைக் காட்டியபடி எழுத வேண்டும். எல்லா எண்களும் 130, 140 என்று சுழியத்தில் முடிந்தால், எழுதுகிறவர் உருட்டி எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியில், முதல் நாளின் எண்களை விட்டுவிட்டு, மற்ற ஆறு நாள்களின் 24 அளவுகளுக்குச் சராசரி காணுங்கள். வீட்டில் அளந்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர்ந்த அழுத்தம் என்று கொள்ளப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மருத்துவர் வேறு இலக்கு வைத்திருக்கக்கூடும்.

அம்மாவின் அடுத்த சந்திப்பு டிசம்பர் 2. நவம்பர் 25 முதல் டிசம்பர் 1 வரை அளந்தார். 25-ஐ விட்டு மற்றவற்றின் காலைச் சராசரி 144/86, இரவுச் சராசரி 130/80, இரண்டும் சேர்ந்து 137/83. கருவியையும் கிளினிக்குக்கு எடுத்துச் சென்றோம். அங்கே உள்ள கருவிக்கும் இதற்கும் இரண்டு புள்ளி வேறுபாடுதான். மருத்துவர் முதலில் பார்த்தது சராசரியை. அடுத்துக் கேட்டது, மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்பதை. வழக்கமாக அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வோம். இம்முறை நோட்டின் வலப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினோம். நவம்பர் முழுவதும் அம்லோடிபின் எண்ணிக்கை சரியாக இருந்ததைப் பார்த்த பிறகு, அழுத்தம் கூடியிருப்பதற்கு மாத்திரை விட்டுப்போனது காரணமில்லை என்று அவர் தெளிந்து, அம்லோடிபினை 10 மில்லிகிராமாக உயர்த்தினார். எண்ணிக்கை இல்லாமல் சராசரியை மட்டும் கொண்டுபோயிருந்தால், மருந்தைக் கூட்டுவதா, விடாமல் சாப்பிடச் சொல்வதா என்பதை அவர் ஊகித்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

காகிதத்தால் முடியாதது

நாள்காட்டி யாரையும் அழைக்காது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தால் கட்டம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். அதை நான் எப்போது பார்ப்பேன் என்பதுதான் கேள்வி. ஆகவே தனியாக இருப்பவர் என்றால் இந்த முறையோடு ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு சாவியும் சேர வேண்டும். நான் நாள்தோறும் இரவு 8.30-க்கு அழைக்கிறேன். மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை, அந்தக் கேள்விக்கான விடை முன்பே தெரியும். "அம்மா, நோட்ட எடுங்க, இன்னைக்கு எழுதினத வாசிங்க" என்பேன். மூன்று வரிகளை அவர் வாசிக்கும்போதே அன்றைய நாள் எனக்குத் தெரிந்துவிடுகிறது, எழுதாமல் இருந்தால் அப்போதே எழுதிவிடுகிறார். வெள்ளிக்கிழமை மட்டும் மாலை 5.45-க்கு அழைக்கிறேன். அழைப்பை எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடம் கழித்து மீண்டும் அழைப்பேன். அதையும் எடுக்கவில்லை என்றால் எதிர்வீட்டு அக்காவை அழைப்பேன், அவரிடம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. அவசரம் என்றால் 999. இந்த மூன்று எண்களும் நோட்டின் முன் அட்டையின் உட்புறத்தில் பெரிதாக எழுதியிருக்கின்றன.

நினைவாற்றல் குறைந்து வருகிறவர்களுக்கும் இந்த முறை தனியாகப் போதாது. கேள்விக்குறிகள் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வரத் தொடங்கினால், அல்லது எண்ணிக்கையில் மாத்திரை குறைவாக வந்தால், மருந்தை வேளை வேளையாகப் பிரித்து வைத்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டும் என்பதை மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது.

கைப்பேசியில் வைத்திருப்பவர்கள் அதை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் பதிவுகளை அதில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். மக்கள் தங்கள் உடல்நலக் குறிப்புகளைச் சேமித்து வைத்திருந்த கூகல் ஹெல்த் சேவை 2012 தொடக்கத்திலும், மைக்ரோசாஃப்ட் ஹெல்த்வால்ட் சேவை 2019 நவம்பரிலும் மூடப்பட்டன. எழுதி முடித்த நோட்டுகளை எண்ணிட்டு ஒரு பெட்டியில் வைத்திருங்கள்.

மருந்து மாறும்போதும் ஆண்டு மாறும்போதும்

மருந்தின் அளவு மாறினால் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அம்மாவிடம் டிசம்பர் 2 அன்று 5 மில்லிகிராம் மாத்திரைகள் சில மீதம் இருந்தன. அவற்றை இரண்டிரண்டாகச் சாப்பிட்டுத் தீர்க்கலாமா என்று மருந்தாளரிடம் கேட்டோம்; குழப்பம் வரும் என்று அவர் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டிசம்பர் 3 கட்டத்தில் "10" என்றும் "+30" என்றும் எழுதினோம். நோட்டின் முதல் பக்கத்தில் பழைய அளவை ஒரு கோட்டால் அடித்து, மேலே புது அளவையும் தேதியையும் எழுதினோம்; பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். அம்லோடிபினின் அளவு கூடும்போது சிலருக்குக் கணுக்கால் வீங்கும் என்பதால், நாளுக்கு மூன்று வரிகளோடு நான்காவதாகக் கணுக்கால் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார் அம்மா. மாலையில் காலுறையைக் கழற்றும்போது அதன் பட்டை பதிந்த தடம் எவ்வளவு ஆழம் என்பதை, இல்லை, லேசு, ஆழம் என்ற மூன்று சொற்களில் ஒன்றால் எழுதுகிறார். ஆழம் என்று மூன்று நாள் தொடர்ந்து வந்தால் கிளினிக்கை அழைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

மாதம் முடிந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழிக்காமல் பின்னுக்குத் திருப்புங்கள். சனவரியில் கடைக்காரர்கள் புது நாள்காட்டி தந்ததும் பழையதை எடுத்துப் போட்டுவிடுவது நம் வழக்கம். அடுத்த சந்திப்பு முடியும் வரை பழையதைப் புதியதன் பின்னால் அதே ஆணியில் மாட்டி வையுங்கள். அம்மாவின் அடுத்த சந்திப்பு மார்ச்சில் என்பதால், டிசம்பர்த் தாள் இப்போதும் அங்கேதான் தொங்குகிறது.